முதலாளி மேசையில் ஒரு நிமிடம்: சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் கேட்கும் கடிதம்

பொங்கல் முடிந்த கையோடு கோயம்புத்தூர் ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கத்துப் பட்டறை முதலாளிகளின் மேசைக்கு ஸ்பான்சர் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். இந்த ஊரில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் துறைக்கு ஒரு அசோசியேஷன் உண்டு, ஒவ்வொரு அசோசியேஷனுக்கும் ஆண்டுக்கு ஒரு சிம்போசியம் உண்டு. அதனால் ஒரே வாரத்தில் நாலைந்து கடிதங்கள் வருவது அவர்களுக்குப் பழகிப்போன சங்கதி. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தது போலிருக்கும்: இரண்டு பக்க ஆங்கிலம், முதல் பத்தியில் கல்லூரியின் பெருமை, இரண்டாவதில் மாணவர்களின் திறமை, கடைசியில் பிளாட்டினம், கோல்டு, சில்வர் என்று ஒரு கட்டம். பிளாட்டினம் ஐம்பதாயிரம். எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறை அது. கடிதம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் போய்ச் சேரும். "பாத்துட்டுச் சொல்றேன் தம்பி" என்று பதில் வரும்.

வாங்கிய கடிதத்தில் முதலாளி தேடுவது நான்கைந்து விஷயங்களைத்தான். எந்தக் காலேஜ், யார் பொறுப்பு? எவ்வளவு? அதற்கு எனக்கு என்ன செய்வீர்கள்? செக் யார் பெயரில்? எப்போதைக்குள்? இவை ஒரே பக்கத்தில், ஒரு நிமிடத்தில் கண்ணில் பட வேண்டும். கொட்டேஷன் படித்துப் பழகிய கண் அது. கடிதமும் கொட்டேஷன் போலத் தெளிவாக இருந்தால் படிக்கும்.

கடிதத்தில் போடும் தொகையைக் கடிதம் எழுதும்போது யோசித்துப் போடக் கூடாது. அது பட்ஜெட்டிலிருந்து வர வேண்டும். ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். மெக்கானிக்கல் துறையின் ஒருநாள் சிம்போசியம். வெளிக் கல்லூரிகளிலிருந்து 240 பேர், சொந்த வாலண்டியர்கள் 60 பேர், ஆக 300 சாப்பாடு. சாப்பாடு தலைக்கு ரூ. 110 என்றால் 33,000. இரண்டு வேளை டீ, பிஸ்கட் தலைக்கு ரூ. 30 வீதம் 9,000. எட்டுப் போட்டிகளுக்கு முதல், இரண்டாம் பரிசு சேர்த்துப் போட்டிக்கு ரூ. 2,500 வீதம் 20,000. சான்றிதழ் 300, ஒன்று ரூ. 12 என்று 3,600. வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பை, நோட்பேட், பேனா ரூ. 55 வீதம் 13,200. ஃப்ளெக்ஸும் போஸ்டரும் 5,500. சிறப்பு விருந்தினரின் பயணம், சால்வை, நினைவுப்பரிசு 6,500. போட்டிகளுக்கான சில்லறைப் பொருள்கள் 5,200. மொத்தம் 96,000 ரூபாய்.

வரவுப் பக்கம், ஆளுக்கு ரூ. 200 பதிவுக் கட்டணம் வீதம் 48,000. அசோசியேஷன் சந்தாவிலிருந்து 12,000. இரண்டும் சேர்ந்து 60,000. துண்டு விழுவது 36,000. கேட்க வேண்டிய தொகை அவ்வளவுதான். இதை ஒருவரிடமே கேட்பதைவிட உடைத்துக் கேட்பது எளிது: ஒரு முதன்மை ஸ்பான்சர் 15,000, நான்கு போட்டிகளுக்குத் தலா 4,000, மீதி 5,000-க்கு ஒரு ஸ்டால். உடைக்கும்போது ஒவ்வொரு தொகையையும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளோடு கட்டிவிட வேண்டும். 4,000 என்றால் ஒரு போட்டியின் பரிசுப் பணம் 2,500, மீதி 1,500 அந்தப் போட்டியின் பேனருக்கும் சான்றிதழ்களுக்கும். முதன்மை ஸ்பான்சரின் பணத்தில் 240 பைகளும் வந்துவிடும், அந்தப் பையில் அவர் பெயர் இருக்கும். "கோல்டு ஸ்பான்சர்" என்ற பெயரில் எதுவும் கண்ணில் படாது. "உங்க பேர் போட்ட பை 240 பேர் கையில இருக்குமுங்க" என்றால் படும்.

கணக்கில் ஒரு எச்சரிக்கை உண்டு. பதிவு செய்த எல்லோரும் வருவதில்லை. பணம் கட்டாமல் பெயர் மட்டும் கொடுத்தவர்களை நம்பி வரவை எழுதினால் ஸ்பான்சர் தொகை போதாமல் போகும். கடிதத்தில் போடும் பங்கேற்பாளர் எண்ணிக்கையும் அப்படியே. 240-ஐ 1,000 என்று எழுதுவது சுலபம். ஆனால் ஸ்டால் போட்டவர் அன்று வந்து உட்கார்ந்து தலையை எண்ணுவார். அடுத்த ஆண்டு அந்தக் கதவு திறக்காது.

யாரிடம் போவது என்பதில்தான் அதிக உழைப்பு வீணாகிறது. பம்ப் உதிரி பாகம் வார்க்கும் ஃபவுண்டரிக்கு மாணவர்கள் வாடிக்கையாளர்கள் அல்ல. அவருக்கு விளம்பரம் என்று எதைக் கொடுத்தாலும் பயனில்லை. அவருக்குத் தேவை ஆள். டிப்ளமோவோ டிகிரியோ முடித்து, டிராயிங் படிக்கத் தெரிந்து, பட்டறையில் நிற்கத் தயங்காத இரண்டு பையன்கள் கிடைத்தால் அதுவே அவருக்கு லாபம். ஆகவே அவருக்கான கடிதத்தில் "இறுதியாண்டு மாணவர்களுக்கு உங்கள் நிறுவனம் பற்றி 15 நிமிடம் பேச வாய்ப்பு, வேலைக்கு விருப்பம் தெரிவிப்பவர்களைத் தொடர்புகொள்ளத் துறைவழி ஏற்பாடு" என்ற வரி இருக்க வேண்டும். காந்திபுரத்தில் இருக்கும், கம்ப்யூட்டரில் டிசைன் வரையக் கற்றுத்தரும் கேட் பயிற்சி மையத்துக்கு நேர் எதிர்: அவருக்கு மாணவர்களே சந்தை. ஸ்டால் வேண்டும், நோட்டீஸ் கொடுக்க இடம் வேண்டும், கேட் மாடலிங் போட்டிக்குத் தன் பெயர் வேண்டும். கல்லூரி வாசலில் இருக்கும் பேக்கரிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் பணம் கேட்டுப் போகவே வேண்டாம். பேக்கரியில் 300 பப்ஸும், ஜெராக்ஸ் கடையில் போட்டி வினாத்தாள் பிரதியும் பொருளாகக் கேட்டால் மனமுவந்து தருவார்கள். அதைக் கடிதத்தில் எண்ணிக்கையோடு எழுத வேண்டும். "ஸ்நாக்ஸ் தந்து உதவவும்" என்றால் பத்துப் பாக்கெட் பிஸ்கட் வரும்.

ஆகக் கடிதத்தின் உடல் ஒன்றே, ஆனால் ஒரு பத்தி மட்டும் தொழிலுக்குத் தகுந்தபடி மாறும். பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, ஜெராக்ஸ் எடுத்து, பேனாவால் நிரப்பிக் கொண்டுபோகும் கடிதத்தை வாங்கியவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். நாற்பது பேருக்கு அப்படிக் கொடுப்பதைவிடப் பதினைந்து பேருக்குப் பெயர், கடை, அந்த ஒரு பத்தி எல்லாம் அச்சிட்டுக் கொண்டுபோவது மேல். மொழியும் ஆளைப் பொறுத்தது. பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் ஹெச்.ஆர். பிரிவுக்கு ஆங்கிலம். உரிமையாளரே கல்லாவில் உட்காரும் இடத்துக்குத் தமிழ்.

இன்னொரு வகை ஆள் உண்டு, எச்சரிக்கையாக அணுக வேண்டியவர்: கல்லூரி லேபுக்குக் கருவி சப்ளை செய்பவர். கேட்டால் மறுக்க மாட்டார், அதுதான் சிக்கலே. அடுத்த டெண்டர் நடக்கும்போது இது பேச்சாக வரும். அவரிடம் போவதற்கு முன் துறைத் தலைவர் வழியாக முதல்வரின் சம்மதம் வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் விட்டுவிடலாம்.

கேட் மையத்துக்கான தமிழ்க் கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருக்கும். கல்லூரி லெட்டர்ஹெட்டில், கடித எண்ணோடு:

> கடித எண்: மெக்/அசோ/07
> நாள்: ஜனவரி 19
>
> பெறுநர்: உரிமையாளர் …………, (மையத்தின் பெயர்), காந்திபுரம், கோயம்புத்தூர்.
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> பொருள்: மார்ச் 6 சிம்போசியத்தில் கேட் மாடலிங் போட்டிக்கு ரூ. 4,000 ஸ்பான்சர் வேண்டுதல்.
>
> எங்கள் கல்லூரி இயந்திரவியல் துறையின் மாணவர் சங்கம் மார்ச் 6 அன்று ஒருநாள் தொழில்நுட்பக் கருத்தரங்கை நடத்துகிறது. பிற கல்லூரிகளிலிருந்து சுமார் 240 மாணவர்களை எதிர்பார்க்கிறோம். பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள்.
>
> அன்று நடக்கும் எட்டுப் போட்டிகளில் கேட் மாடலிங் போட்டியைத் தங்கள் நிறுவனத்தின் பெயரில் நடத்த விரும்புகிறோம். தொகை ரூ. 4,000. இதில் ரூ. 2,500 பரிசுப் பணம். மீதி அந்தப் போட்டியின் பேனருக்கும் சான்றிதழ்களுக்கும்.
>
> தங்களுக்கு நாங்கள் செய்வது: போட்டி அறையில் 6 க்கு 4 அடி பேனர், அந்தப் போட்டியின் சான்றிதழ்களில் தங்கள் லோகோ, நிறைவு விழா மேடையில் தாங்களோ தங்கள் பிரதிநிதியோ பரிசு வழங்குதல். இந்தப் போட்டிக்கு வேறு பயிற்சி மையம் எதையும் சேர்ப்பதில்லை.
>
> காசோலை "முதல்வர், …… கல்லூரி" என்ற பெயரில். கல்லூரி ரசீது உடனே தரப்படும். அச்சு வேலைக்காக பிப்ரவரி 16-க்குள் தங்கள் முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.
>
> தொடர்புக்கு: பொறுப்பாசிரியர் ……, மாணவர் செயலாளர் …… (இருவரின் கைபேசி எண்கள்)
>
> துறைத் தலைவர் ஒப்பம் / முதல்வர் ஒப்பமும் முத்திரையும்

ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. பொருள் வரியிலேயே தொகையைச் சொல்லிவிடுவது பலருக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் தொகை தெரியாத கடிதத்தை முதலாளி பாதியிலேயே மூடி, "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்பார். நிற்பவன் இரண்டாமாண்டுப் பையன், "உங்களால முடிஞ்சது சார்" என்பான். ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்று வெளியே வரும். அதை வாங்கினால் நாலாயிரம் போய்விட்டது என்று அர்த்தம்.

"வேறு பயிற்சி மையம் எதையும் சேர்ப்பதில்லை" என்ற வரியைச் சொன்னால் காப்பாற்ற வேண்டும். கமிட்டியில் இரண்டு குழு இரண்டு பக்கம் அலையும்போது, ஒரு குழு ஒரு மையத்திடமும் இன்னொரு குழு அதன் போட்டியாளரிடமும் அதே போட்டியை விற்றுவிட்டு வருவது அடிக்கடி நடக்கும். அன்று காலை இரண்டு பேனரும் ஒரே அறை வாசலில் தொங்கும். இதைத் தடுக்க ஒரு நோட்டுப் போதும்: எந்தக் கடித எண், யாருக்கு, எந்தப் போட்டி, யார் போனது, என்ன பதில். கடித எண் வெறும் சம்பிரதாயம் இல்லை, நோட்டில் தேட உதவும் சாவி அது.

முதல்வரின் ஒப்பமும் முத்திரையும் இல்லாத கடிதத்தைக் கொண்டுபோகவே கூடாது. வசூல் நோட்டுப் புத்தகம் தூக்கிக்கொண்டு அலைபவர்களைப் பார்த்துப் பார்த்துக் கடைக்காரர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள். சிலர் கடிதத்தைப் படிக்கும் முன்னே கல்லூரி எண்ணுக்குப் போன் போடுவார்கள். "அப்படி ஒரு நிகழ்ச்சி இருக்குங்களா?" என்று கேட்கும்போது அலுவலகத்தில் எடுப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பிரதியை அங்கே கொடுத்து வைப்பது ஐந்து நிமிட வேலை.

பணம் சேரும் கணக்கு அடுத்த கண்டம். அசோசியேஷனுக்கு என்று தனி வங்கிக் கணக்கு பெரும்பாலும் இருக்காது. பணம் கல்லூரிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். கணக்கின் சரியான பெயரை அலுவலகத்தில் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அசோசியேஷன் பெயருக்கு எழுதிய செக் மாறாது. திரும்பப் போய் வேறு செக் கேட்பதற்குள் அவர் மனம் மாறியிருக்கும். மாணவரின் சொந்த ஜி-பே எண்ணுக்கு வாங்குவது எவ்வளவு வசதியாக இருந்தாலும் வேண்டாம். நிறுவனத்தின் அக்கவுண்டன்ட் அந்த எண்ட்ரியை எந்தத் தலைப்பில் எழுதுவார்?

அக்கவுண்டன்ட் என்றதும் வரிப் பேச்சு வரும். அங்கே மூன்று தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. முதலாவது, "80ஜி கிடைக்கும் சார்" என்று உறுதி கொடுப்பது. அந்த வருமான வரிச் சலுகை நன்கொடைக்கானது. பேனர், லோகோ, ஸ்டால் என்று பதிலுக்கு ஏதாவது கொடுத்தால் அது விளம்பரச் செலவு. நிறுவனம் அதைத் தொழில் செலவாகவே காட்டிக்கொள்ளலாம், அதற்கு ரசீது போதும். ஆனால் பத்தாயிரத்துக்கு மேல் ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு வருமான வரிக் கணக்கில் ஏற்கப்படாது. அதனால் 15,000 கொடுப்பவரிடம் செக்கோ வங்கிப் பரிமாற்றமோ கேட்பது அவருக்கும் நல்லது. இரண்டாவது, சிறு நிறுவனத்திடம் போய் "சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து" என்று எழுதுவது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற வரம்புகளில் ஒன்றையாவது தொட்ட நிறுவனங்களுக்குத்தான் சமூகப் பணிகளுக்குச் செலவிடும் அந்தக் கடமை. அப்படிப்பட்ட நிறுவனமே ஆனாலும், தன் விளம்பரத்துக்காகக் கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப்பை சி.எஸ்.ஆர். கணக்கில் சேர்க்க முடியாது என்று 2021-இல் திருத்திய விதிகள் சொல்கின்றன. அந்தச் சொல்லைக் கடிதத்தில் பார்த்ததும், இவர்களுக்கு விஷயம் தெரியாது என்று நிதிப் பிரிவுக்குப் புரிந்துவிடும்.

மூன்றாவது ஜி.எஸ்.டி. கல்லூரியை நடத்துவது அறக்கட்டளையாகவும், ஸ்பான்சர் செய்வது கம்பெனியாகவோ பார்ட்னர்ஷிப்பாகவோ இருந்தால், ஸ்பான்சர்ஷிப்புக்கான வரியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் கல்லூரிக்குப் பதிலாக ஸ்பான்சர் செய்பவர்களே கட்ட வேண்டி வரும். 18 சதவீதம் என்றால் 15,000-க்கு 2,700. "நீங்க கேட்டது பதினஞ்சு, எனக்கு ஆகிறது பதினேழு எழுநூறு" என்று அவர் சொல்லும்போது விழிக்கக் கூடாது. கல்லூரி அலுவலகத்தின் ஆடிட்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டு, ரசீதில் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. வரி ஆலோசனை சொல்லும் பொறுப்பை மாணவர்கள் ஏற்க வேண்டியதில்லை. "உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க சார், எங்க ரசீது இப்படித்தான் இருக்கும்" என்று மாதிரியைக் காட்டினால் போதும்.

போகும் நாளும் ஒரு விஷயம்தான். மாதத்தின் முதல் வாரம் சம்பள நாள், 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன். அந்த நாட்களில் முதலாளியும் அக்கவுண்டன்டும் முகம் கொடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை கையிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது என்று நினைப்பவர்கள் இந்த ஊரில் இன்றும் நிறைய உண்டு. வெள்ளியன்று கடிதம் கொடுக்கலாம், செக் கேட்கக் கூடாது. மார்ச் முதல் வார நிகழ்ச்சிக்கு ஜனவரி மூன்றாம் வாரம் கடிதம், ஒரு வாரம் கழித்து ஒரு போன், பிறகு நேரில் என்று வைத்துக்கொண்டால் பிப்ரவரி நடுவில் முடிவு தெரியும். மார்ச்சில் போய் நின்றால் "இயர் எண்டிங் தம்பி" என்ற மூன்று சொல்லில் பேச்சு முடிந்துவிடும்.

சரி என்று சொன்னவர்களிடமும் இரண்டு இடத்தில் கால் இடறும். வாயால் சொன்னதை நம்பி லோகோவை அச்சுக்கு அனுப்புவது ஒன்று. செக் வரும்வரை அந்தப் பெயர் பேனர் டிசைனில் ஏறக் கூடாது என்பதைக் கமிட்டியில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடிதத்தில் பிப்ரவரி 16 என்று போட்டது இதற்காகத்தான்: "அச்சுக்கு அனுப்பணும் சார்" என்பது யாரையும் புண்படுத்தாத நினைவூட்டல். இன்னொன்று லோகோவையே வாட்ஸாப்பில் வாங்குவது. போனில் பளிச்சென்று இருக்கும் படம் ஆறடி ஃப்ளெக்ஸில் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். விசிட்டிங் கார்டோ போர்டோ அடித்த கடையில் அவருடைய கோரல் டிரா ஃபைல் கட்டாயம் இருக்கும். எந்தக் கடை என்று கேட்டு அங்கிருந்தே வாங்கிக்கொள்ளலாம்.

எதையெல்லாம் தருவதாக எழுதக் கூடாது என்பதும் முக்கியம். ரோட்டில் பேனர் வைப்பதாகச் சொல்ல வேண்டாம். அதற்கு முன் அனுமதி வேண்டும், அனுமதியில்லாத பேனர்கள் மேல் தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் கடுமையாக இருக்கிறது. வளாகத்துக்குள் மட்டும் என்று தெளிவாக எழுதலாம். பயிற்சி மையங்கள் பங்கேற்பாளர்களின் போன் நம்பர் பட்டியலைக் கேட்கும். உண்மையில் பலர் பணம் கொடுப்பதே அதற்காகத்தான். பதிவுப் படிவத்தில் நிகழ்ச்சிக்காகக் கொடுத்த எண்ணை வேறொருவரிடம் கொடுப்பது முறையில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமும் வந்துவிட்டது. ஸ்டாலில் ஒரு நோட்டு வைத்து, விருப்பமுள்ளவர்கள் தாமே எழுதட்டும் என்று சொல்லலாம். எண்ணிக்கை குறையும், ஆனால் எழுதியவர்கள் போனை எடுப்பார்கள் என்று அவரிடம் சொன்னால் ஒத்துக்கொள்வார்.

நிகழ்ச்சி முடிந்த அடுத்த வாரம் கமிட்டி கலைந்துவிடும். நான்காமாண்டு மாணவர்கள் புராஜெக்ட் ரிவ்யூவுக்குப் போய்விடுவார்கள். ஸ்பான்சர் செய்தவர் காத்திருப்பது அந்த வாரத்தில்தான். பெரிதாக ஒன்றும் வேண்டாம். அவர் பேனர் தெரிகிற ஒரு போட்டோ, அவர் பரிசு கொடுக்கும் ஒரு போட்டோ, எத்தனை பேர் அந்தப் போட்டியில் கலந்துகொண்டார்கள் என்ற எண், அரைப் பக்க நன்றிக் கடிதம். அச்செடுத்துக் கவரில் போட்டு நேரில் கொடுத்தால் அந்தப் போட்டோ அவர் அலுவலகச் சுவருக்குப் போகவும் கூடும். கொடுக்காமல் விட்டால் அடுத்த ஜனவரியில் புதுச் செயலாளர் வாசலில் நிற்கும்போது, "போன வருசம் கொடுத்தேனுங்க, ஒரு போட்டோகூட வரலையே" என்பதுதான் வரவேற்பு. அந்தப் பையனுக்கு அப்படி ஒருவர் கொடுத்தார் என்பதே தெரிந்திருக்காது.

இதற்காகவே அந்த நோட்டு, ரசீதுப் பிரதிகள், நன்றிக் கடிதப் பிரதி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுப் பொறுப்பாசிரியரின் அலமாரியில் வைத்துவிட வேண்டும், மாணவரின் அறையில் அல்ல. ஃபைல் இருந்தால் அடுத்த ஆண்டுக் கடிதத்தின் முதல் வரி தானாகவே வந்துவிடும்: "சென்ற ஆண்டு கேட் மாடலிங் போட்டிக்குத் தாங்கள் ரூ. 4,000 அளித்தீர்கள், 46 மாணவர்கள் கலந்துகொண்டனர், புகைப்படம் இணைத்துள்ளோம்."